கைபேசிக் கணக்கும் இலைக் கணக்கும்: ஒரு காதணி விழாவுக்கு வாட்ஸ்அப்பில் அழைப்பு வைத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டம் ஒன்றில், அண்ணன் தம்பி இருவரின் பிள்ளைகளுக்கு ஒரே நாளில் முடி இறக்கிக் காது குத்த முடிவானது. இடம் குலதெய்வமான அய்யனார் கோயில். ஊரிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி, கண்மாய்க் கரை ஓரமாக இருக்கிறது. ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றைக் குறித்தார்கள். காலையில் பொங்கல் வைத்து, முடி இறக்கி, தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தி, கிடா வெட்டி மதியம் சாப்பாடு போடுவது என்பது திட்டம்.

பங்காளிகள் மொத்தம் 41 தலைக்கட்டு. கோயில் வரி பிரிக்கிற நோட்டில் உள்ள எண்ணிக்கை இது. வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே பங்காளிகள் குழு ஒன்று இருந்தது. அதில் 68 எண்கள் இருந்தன, அவை 32 தலைக்கட்டுகளைச் சேர்ந்தவை. மற்ற 9 தலைக்கட்டுகளில் ஒருவர்கூடக் குழுவில் இல்லை. தாய்மாமன் வழியாருக்கு 37 எண்கள் கொண்ட தனிக் குழு இருந்தது. அது 19 வீடுகளுக்கு உரியது. கொண்டு கொடுத்த உறவில் 3 வீடுகள் இரண்டு குழுவிலும் இருந்தன.

ஏற்பாட்டுப் பொறுப்பைத் தம்பிதான் ஏற்றுக்கொண்டார். வேலை பார்ப்பது கோயம்புத்தூரில் என்பதால் ஊருக்கு அடிக்கடி வர முடியாத நிலை. யார் வருகிறார்கள், எத்தனை பேர் வருகிறார்கள் என்று குழுவிலேயே தெரிந்துகொண்டால் போன் அலைச்சல் மிச்சம் என்று கருதி, வாட்ஸ்அப்பின் Event வசதியைப் பயன்படுத்தத் தீர்மானித்தார்.

இந்த வசதி 2024 மே மாதம் முதலில் கம்யூனிட்டி குழுக்களுக்கு அறிவிக்கப்பட்டு, பிறகு எல்லாக் குழுக்களுக்கும் வந்தது. 2025 ஏப்ரலில் Maybe என்ற பதில், கூட ஒருவரை அழைத்து வருவதற்கான இடம், முடியும் நாளும் நேரமும் குறிப்பது ஆகியவை சேர்ந்தன.

முதல் அழைப்பு உருவான விதம்

விழாவுக்கு 40 நாள் இருக்கும்போது பங்காளிகள் குழுவில் முதல் அழைப்பு போனது. ஆண்ட்ராய்டில் செய்தி எழுதும் பெட்டி ஓரத்தில் உள்ள கிளிப் குறியையும், ஐபோனில் கூட்டல் குறியையும் தொட்டால் வரும் பட்டியலில் Event இருக்கும். அதைத் திறந்தால் பெயர், விளக்கம், நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் கேட்கும். தம்பி நிரப்பியது இப்படி:

பெயர்: காதணி விழா
விளக்கம்: அனைவரும் வருக
நாள், நேரம்: ஞாயிறு, காலை 9.00
இடம்: அய்யனார் கோயில் என்று தட்டச்சு செய்து, வந்த பட்டியலில் முதலில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தார்

அனுப்பியதும் அதைக் குழுவின் மேலே பின் செய்தார். பின் செய்யும்போது 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என மூன்று கால அளவு கேட்கும். 7 நாள் ஏற்கெனவே தேர்வாகி இருந்ததால் அப்படியே விட்டுவிட்டார். மறுநாள் அவருடைய மைத்துனர் அதே விவரங்களைப் பார்த்து, தாய்மாமன் வழிக் குழுவில் இன்னொரு அழைப்பை உருவாக்கினார். ஆக, ஒரே விழாவுக்கு இரண்டு அழைப்பு, இரண்டு உரிமையாளர்.

இந்த நாலு வரியிலும் பிழை இருந்தது. அன்று அது யாருக்கும் தெரியவில்லை.

முதல் இரண்டு வாரத்தில் கண்டது

14ஆம் நாள் பங்காளிகள் குழு அழைப்பைத் திறந்து பார்த்தபோது Going 23, Maybe 6, Not going 3. மீதி 36 எண்களிடமிருந்து எந்தப் பதிலும் இல்லை. தாய்மாமன் வழிக் குழுவில் Going 14.

சமையல் மாஸ்டர் அன்றுதான் அட்வான்ஸ் வாங்க வந்தார். எத்தனை இலை என்று கேட்டார். தம்பி, ஒரு Going என்றால் ஒரு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு நான்கு பேர் என்று போட்டு 92ம் 56ம் சேர்த்து 148 என்று கணக்கிட்டு, 150 இலை என்றார். வீட்டில் மூத்தவரான பெரியப்பா அதை ஒப்புக்கொள்ளவில்லை. "பங்காளி மட்டும் நாப்பத்தோரு தலைக்கட்டுப்பா. கிடா வெட்டுன்னா பாதிப் பேரா வருவான்? நீ யாரு யாரு பேரு இருக்குன்னு வாசி பாப்போம்" என்றார்.

பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தபோதுதான் எண்ணிக்கையின் உண்மை நிலை தெரிந்தது. Going கொடுத்த 23 பேரும் 17 தலைக்கட்டில் அடங்கினார்கள். ஆறு வீடுகளில் இரண்டு பேர் தனித்தனியே அழுத்தியிருந்தார்கள். அதே சமயம், ஒரு வீட்டில் கல்லூரிப் பையன் மட்டும் அழுத்தியிருந்தான். அந்த வீட்டில் பாட்டி, பெற்றோர், அத்தை குடும்பம் என 9 பேர். சிங்கப்பூரில் இருக்கிற ஒரு பங்காளி Going கொடுத்திருந்தார். அவர் வரப்போவதில்லை, ஊரில் இருக்கிற அவர் மனைவியும் பிள்ளைகளும் வருவார்கள் என்பது அதன் பொருள். Maybe கொடுத்த ஆறில் இரண்டு, விரல் தவறி விழுந்தவை.

இங்கே மூன்று அலகுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. செயலி எண்ணுவது கைபேசியை. குடும்பம் எண்ணுவது தலைக்கட்டை. சமையல்காரர் எண்ணுவது இலையை. கைபேசி எண்ணிக்கையை ஏதோ ஒரு எண்ணால் பெருக்கி இலையாக்க முடியாது, ஏனென்றால் ஒரு வீட்டில் இரண்டு கைபேசி பதில் சொல்லும், இன்னொரு வீட்டில் ஒன்பது பேருக்கு ஒரு கைபேசி பதில் சொல்லும். கூட ஒருவரை அழைத்து வரலாம் என்ற விருப்பத்தைத் திறந்துவிட்டாலும் தீராது. அதில் ஒரே ஒருவரைத்தான் கூட்டலாம். தம்பதியாக வருகிற இடத்துக்கு அது போதும். குடும்பம் குடும்பமாக வருகிற விழாவுக்குப் போதாது.

பதில் ஏன் வரவில்லை

36 எண்கள் மௌனமாக இருந்ததற்குக் காரணம் அக்கறையின்மை என்றுதான் தம்பி முதலில் நினைத்தார். பெரியப்பாவும் தம்பியின் அம்மாவும் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பதினைந்து வீடுகளுக்குப் பேசியபோது மூன்று காரணங்கள் தெளிவாக வந்தன.

முதலாவது, முறை. வயதில் மூத்தவர்கள் பலர், நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத விழாவுக்கு வருகிறேன் என்று தாமாகச் சொல்ல விரும்பவில்லை. ஒரு சித்தப்பா சொன்னது: "வாரேன்னு நாங்க முந்திக்கிட்டுச் சொன்னா நல்லா இருக்குமா? முறையா வந்து சொல்லட்டும், குடும்பத்தோட வாரோம்." இவர் வராமல் இருக்கப் போவதில்லை. ஆனால் செயலியின் கணக்கில் இவர் வீடு பூஜ்யம். பதில் சொல்லாதவர்களில் பெரும்பாலோர் இந்த வகையினர் என்பதால், மௌனத்தை வராதவர் கணக்கில் சேர்த்தது பெரிய தவறாகிவிட்டது.

இரண்டாவது, மறுப்பைக் கண் முன்னால் சொல்லக் கூச்சம். யார் என்ன பதில் கொடுத்தார்கள் என்பதைக் குழுவில் உள்ள எவரும் தொட்டுப் பார்க்கலாம். நல்ல காரியத்துக்கு எல்லாரும் பார்க்க Not going அழுத்துவது மனத்தாங்கலைக் காட்டுவது போலாகிவிடும் என்று பலர் நினைத்தார்கள். ஒரு வீட்டில் அந்த வாரமே பிரசவம் எதிர்பார்த்திருந்தார்கள், இன்னொரு வீட்டில் துக்கம் நடந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. இருவரும் வர முடியாது என்பதைத் தனியாகச் சொல்லத் தயாராக இருந்தார்கள், குழுவில் சொல்ல மாட்டார்கள். அழுத்தப்பட்ட மூன்று Not goingகூட வெளியூரில் வேலை பார்க்கும் இளைஞர்களுடையவை. அந்த மூவரின் பெற்றோரும் விழாவுக்கு வரப்போகிறவர்கள்.

மூன்றாவது, அழைப்பே கண்ணில் படவில்லை. 7 நாள் முடிந்ததும் பின் தானாக எடுபட்டுவிட்டது. அதற்குள் காலை வணக்கப் படங்களும் ஒரு நிச்சயதார்த்தப் புகைப்படத் தொகுப்பும் சேர்ந்து அழைப்பை வெகு தூரம் மேலே தள்ளிவிட்டன. குழு விவரப் பக்கத்தில் நிகழ்வுகள் தனியாக இருப்பது பலருக்குத் தெரியாது. அது மட்டுமல்ல, நடுவில் குழுவில் புதிதாகச் சேர்த்த நான்கு பேருக்கு, அவர்கள் சேர்வதற்கு முன்னால் போன அந்த அழைப்பு தெரியவே இல்லை.

எடுத்த முடிவுகள்

15ஆம் நாள் இரவு குடும்பம் கூடிப் பேசியது. அழைப்பைக் கைவிட்டுப் பழையபடி போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியப்பா சொன்னார். அதுவும் சரியான யோசனையாகப் படவில்லை. நாள், நேரம், இடம் மூன்றும் மாறாமல் ஒரே இடத்தில் இருப்பதும், Going கொடுத்தவர்களுக்கு விழா நெருங்கும்போது கைபேசியே நினைவூட்டுவதும் பயனுள்ளவை. ஆகவே அழைப்பிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது என்று வேலையைப் பிரித்தார்கள். நாள், நேரம், இடம் சொல்வது அழைப்பின் வேலை. தலை எண்ணுவது அழைப்பின் வேலை அல்ல. அதற்குத் தலைக்கட்டு நோட்டைப் பார்த்துத் தனிப் பட்டியல்.

அழைப்பை ரத்து செய்து புதிதாகப் போடலாமா என்ற கேள்வி எழுந்தது. ரத்து செய்தால் குழுவில் எல்லாருக்கும் விழா ரத்து என்று தோன்றும். நல்ல காரியத்துக்கு அந்தச் சொல் வேண்டாம் என்று அம்மா உறுதியாகச் சொன்னார். அதனால் அதே அழைப்பைத் திருத்தினார்கள். திருத்திய விளக்கம் இது:

காப்பு, பொங்கல்: காலை 7.00
முடி இறக்கிக் காது குத்து: 9.00 முதல் 10.30க்குள்
சாப்பாடு: பகல் 12.00 முதல்
கோயில் ஊருக்குள் இல்லை. விலக்கு நிறுத்தத்தில் இருந்து ஊர் வழியாக வந்து, பள்ளிக்கூடம் தாண்டி இடது புறம் கண்மாய்க் கரைப் பாதை. வேன், பஸ் கரையில் ஏறாது, பள்ளிக்கூடத் திடலில் நிறுத்தவும். அங்கிருந்து ஆட்டோ இருக்கும்.
நேரில் வந்து அழைக்கிறோம். இது நேரமும் இடமும் நினைவில் இருக்க மட்டும்.
வீட்டுக்கு ஒருவர், இந்த எண்ணுக்குத் தனியாக எழுதினால் போதும்: பெரியவர் எத்தனை, 10 வயதுக்குள் எத்தனை, சனி இரவே வருகிறவர் எத்தனை.

கடைசி இரண்டு வரிகள்தான் அதிகம் வேலை செய்தன. நேரில் அழைப்பு உண்டு என்று எழுதிய பிறகு, பெரியவர்கள் அழைப்பை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. தனி எண்ணுக்கு எழுதச் சொன்னதால், வர முடியாதவர்களும் காரணத்தோடு எழுதினார்கள். அடுத்த ஐந்து நாளில் 19 வீடுகளில் இருந்து எண்ணிக்கை வந்தது, அதில் 4 வீடுகள் வரவில்லை என்று சொன்னவை.

பெயரையும் மாற்றினார்கள். வெறும் காதணி விழா என்று இருந்த இடத்தில் பிள்ளைகள் இருவரின் பெயரும் சேர்ந்தது. அதே குழுவில் அடுத்த மாதம் இன்னொரு வீட்டுக் காதணி விழாவும் இருந்ததால், இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டவர்கள் இருந்தார்கள். தொடக்க நேரமாகக் காது குத்தும் நேரத்துக்குப் பதில் 7.00 மணியைப் போட்டார்கள். 9.00 என்று போட்டால் 9.00க்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்புவார்கள். பின் இந்த முறை 30 நாளுக்கு. விழாவுக்கு 25 நாளே இருந்ததால் அது இடையில் எடுபடாது.

எண்ணிக்கைப் பட்டியலைத் தம்பியின் தங்கை ஏற்றுக்கொண்டார். கோயில் வரி நோட்டில் உள்ள வரிசைப்படி 41 தலைக்கட்டு, அதன் கீழ் தாய்மாமன் வழி 19 வீடு. இரண்டு குழுவிலும் இருக்கிற 3 வீடுகளைப் பங்காளிகள் பக்கமே வைத்து, கீழே அடித்துவிட்டார். ஒவ்வொரு வரியிலும் பெரியவர், சிறியவர், சனி இரவு, சொன்னவர் யார் என்று நாலு கட்டம். சொன்னவர் யார் என்ற கட்டம் தேவையா என்று தோன்றலாம். வீட்டில் இரண்டு பேர் இரண்டு எண்ணிக்கை சொல்லும்போது யாரைத் திரும்பக் கேட்பது என்பது அதில்தான் தெரியும்.

இடக்குறியில் வந்த சிக்கல்

விழாவுக்கு 20 நாள் முன்பு, மதுரையில் இருக்கிற ஒரு பங்காளி போன் செய்தார். அழைப்பில் உள்ள இடத்தைத் தொட்டால் வேறு தாலுகாவில் ஏதோ ஒரு கோயிலைக் காட்டுகிறது என்றார். திறந்து பார்த்தார்கள். உண்மைதான். சுமார் 14 கிலோமீட்டர் தள்ளி, அதே பெயரில் இன்னொரு அய்யனார் கோயில். பங்காளிகள் எல்லாருக்கும் கோயில் தெரியும் என்பதால் யாரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. கோயில் தெரியாதவர்கள் தாய்மாமன் வழியார். அவர்கள் அந்தக் குறியை நம்பித்தான் வண்டி ஓட்டி வருவார்கள்.

அய்யனார், கருப்பசாமி, மாரியம்மன் என்ற பெயர்களை மட்டும் தட்டச்சு செய்து தேடினால் இது நடந்தே தீரும். பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடினார்கள். அப்போதும் ஊருக்குள் இருக்கிற பிள்ளையார் கோயிலைத்தான் காட்டியது. கண்மாய்க் கரைக் கோயில் நிலப்படத்தில் பதிவாகவே இல்லை.

பூசாரியிடம் பேச அந்த வாரக் கடைசியில் தம்பி கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. அப்போது கோயில் வாசலில் நின்று அழைப்பைத் திருத்தி, தான் நிற்கும் இடத்தையே இடமாகக் கொடுத்தார். குறி கண்மாயின் மறு கரையில் விழுந்தது. கூரைக் கொட்டகையை விட்டு வெட்டவெளிக்கு வந்து இரண்டு நிமிடம் நின்று மறுபடி கொடுத்தபோது சரியாக விழுந்தது. பிறகு பள்ளிக்கூடத் திடலில் நின்று ஓர் உறவினரின் கைபேசியில் அழைப்பைத் திறந்து, வழி கேட்டு, கோயில் வரை அது காட்டுகிறபடியே நடந்து பார்த்தார்கள். நிலப்படம் கண்மாய் உள்வாய் வழியாக ஒரு குறுக்குப் பாதையைக் காட்டியது. தண்ணீர் இருக்கும்போது அதில் போக முடியாது. விளக்கத்தில் எழுதிய வழிதான் வழி, நிலப்படம் சொல்கிற குறுக்குப் பாதை வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

நேரம் மாறியபோது நடந்தது

அந்தப் பயணத்திலேயே பூசாரி வேறொரு செய்தியும் சொன்னார். அதே ஞாயிறு இன்னொரு வகையறாவுக்கும் பொங்கலும் கிடாவெட்டும் இருக்கிறது, அவர்கள் முன்பே சொல்லிவிட்டார்கள், ஆகவே காது குத்தை 9.00 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்றார். ஞாயிறு ராகு காலம் மாலை 4.30 முதல் 6.00 வரை, எமகண்டம் பகல் 12.00 முதல் 1.30 வரை என்பதால் காலையில் முன்னால் நகர்த்துவதில் தடை இல்லை. காது குத்து 7.30 முதல் 9.00க்குள் என்று ஆனது. வர வேண்டிய நேரம் 6.00.

தம்பி தன் அழைப்பைத் திருத்தினார். ஆனால் நேரத்தை மாற்றியதும் ஏற்கெனவே கொடுத்த Going எல்லாம் அப்படியே இருந்தன. பழைய நேரத்துக்குச் சம்மதித்த பதில், புது நேரத்துக்குச் சம்மதித்தது போலவே தெரியும். யார் மாற்றத்தைப் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று அதில் பிரித்தறிய வழியில்லை. அதனால் நேரம் மாறியதைத் தனிச் செய்தியாகவும், தம்பியின் குரலில் ஒலிச் செய்தியாகவும் குழுவில் போட்டார்கள். படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு ஒலிச் செய்திதான் எட்டியது.

தாய்மாமன் வழிக் குழுவின் அழைப்பு மைத்துனர் உருவாக்கியது. உருவாக்கியவர் மட்டுமே அதைத் திருத்த முடியும், குழு நிர்வாகியாக இருந்தாலும் மற்றவர்களால் முடியாது. மைத்துனர் அந்த வாரம் வேலையாக வடநாட்டில் இருந்தார். தம்பி அவரிடம் போனில் சொன்னார், அவரும் சரி மாத்திடுறேன் மாமா என்றார். நேரத்தை மாற்றினார். இடத்தை மாற்ற மறந்தார். அவருடைய அழைப்பில் இருந்தது பழைய 14 கிலோமீட்டர் கோயில்தான்.

விழாவுக்கு 4 நாள் முன்பு, புதன்கிழமை, எண்ணிக்கையை உறுதிப்படுத்த வீடு வீடாகப் பேசியபோது தங்கை ஒவ்வொருவரிடமும் இரண்டே கேள்வி கேட்டார்: எத்தனை மணிக்கு வருகிறீர்கள், எந்த வழியாக வருகிறீர்கள். நேரம் தெரியுமா என்று கேட்டால் தெரியும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எந்த வழியாக என்று கேட்டதில், தாய்மாமன் வழியில் மூன்றாவது வீட்டுக்காரர் சொன்ன வழி சுத்தமாக வேறு திசை. அப்போதுதான் இரண்டாவது அழைப்பின் இடம் மாறவில்லை என்பது தெரிந்தது. மைத்துனர் உடனே திருத்தினார். தங்கை அந்த 16 வீட்டுக்கும் மறுபடி பேசினார்.

இறுதி எண்ணிக்கையும் விழா நாளும்

புதன் இரவு பட்டியல் முடிந்தது. பங்காளிகளில் 34 தலைக்கட்டு வருகிறது, பெரியவர் 139, சிறியவர் 37. தாய்மாமன் வழியில் 14 வீடு, பெரியவர் 58, சிறியவர் 15. பெரியவர் மொத்தம் 197. சிறியவர் 52 பேருக்கு, இரண்டு பிள்ளைக்கு ஓர் இலை என்று மாஸ்டர் கணக்குப்படி 26. ஆக 223. பூசாரி, ஆசாரி, முடி இறக்குபவர், வேன் ஓட்டுநர்கள், சமையல் ஆட்கள், ஊர்க்காரர்கள் என 25. மொத்தம் 248. மாஸ்டரிடம் 250 இலை என்று சொன்னார்கள். முதலில் சொன்ன 150ஐ விட 100 கூடுதல். அரிசி, மளிகை, கிடா எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள அவருக்கு மூன்று நாள் கிடைத்தது.

சனி இரவு தங்க வருகிறவர்கள் 46 பேர். கோயிலில் தங்க இடமில்லை. ஊரில் உள்ள சமுதாயக் கூடத்தை அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பேசினார்கள். அழைப்பில் இதைக் கேட்டிருக்கவே முடியாது.

விழா அன்று காலை 6.30க்குள் பெரும்பாலோர் வந்துவிட்டார்கள். தாய்மாமன் வழியில் 7 பேர் வந்த ஒரு கார் மட்டும் பழைய கோயிலுக்குப் போய், அங்கிருந்து திரும்பி 8.10க்கு வந்து சேர்ந்தது. திருத்துவதற்கு முன்பே இடக்குறியைத் திறந்து, அதை ஓட்டுநருக்குத் தனியாக அனுப்பி வைத்திருந்தார்கள். அழைப்பில் இடம் மாறினாலும், ஏற்கெனவே வெளியே போன நகல் மாறாது. நல்ல வேளையாகத் தாய்மாமன் அந்தக் காரில் இல்லை. சீர்வரிசைத் தட்டுகளில் நான்கு மட்டும் அதில் இருந்ததால், அவை வந்து சேரும்வரை இரண்டாவது பிள்ளைக்குக் காது குத்தக் காத்திருந்தார்கள். 8.45க்கு முடிந்தது.

சாப்பிட்டவர்கள் எத்தனை என்பதை இலையை வைத்தே எண்ணினார்கள். 100 இலைக் கட்டு மூன்று வாங்கியதில் 59 மீதி. ஆக 241. சொன்னதற்கும் நடந்ததற்கும் 9 இலை வித்தியாசம். வந்த 34 தலைக்கட்டுகளில் ஏறக்குறைய பாதி, விழா வரை அழைப்பில் ஒரு பதிலும் அழுத்தாதவை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இந்தக் குடும்பத்தில் அடுத்து வருவது புதுமனை புகுவிழா. அதற்காக அவர்கள் பேசி வைத்துக்கொண்ட மாற்றங்கள் இவை.

இரண்டு குழுவில் இரண்டு அழைப்பு வேண்டாம். விழாவுக்கென்று தனிக் குழு ஒன்று தொடங்கி, இரு வழியிலும் வீட்டுக்கு ஓர் எண்ணை மட்டும் சேர்த்து, நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி வைப்பது. அப்போது அழைப்பு ஒன்று, உரிமையாளர் ஒருவர், பதிலும் வீட்டுக்கு ஒன்று. காலை வணக்கப் படங்களில் அழைப்பு மூழ்கவும் மூழ்காது. எல்லாரையும் சேர்த்த பிறகே அழைப்பை அனுப்ப வேண்டும், முதலில் அனுப்பிவிட்டு ஆள் சேர்த்தால் பின்னால் வந்தவர்களுக்குத் தெரியாது. உருவாக்குகிறவர் விழா முடியும்வரை கையில் கைபேசியோடு இருக்கக்கூடியவராக, அந்த ஊரிலேயே இருப்பவராக இருந்தால் நல்லது.

இடத்தைத் தேடித் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு, முதல் நாளே அந்த இடத்தில் நின்று குறிப்பது. குறித்த பிறகு, இடம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து வழி பார்க்கச் சொல்வது. இடம் உறுதியாகும்வரை அந்தப் பெட்டியைக் காலியாக விடலாம், அது கட்டாயமில்லை. தவறான குறியை விட வெறும் பெட்டி மேல்.

அழைப்பை விழாவுக்கு 28 நாள் முன்பு அனுப்புவது. 30 நாள் கால அளவுள்ள பின் அப்போதுதான் விழா நாளைத் தாண்டி நிற்கும். அதற்கு முன்பே நாள் தெரிய வேண்டியவர்களுக்குச் சாதாரணச் செய்தி போதும். நேரம் மாறினால் திருத்தத்தோடு விடாமல், மாறியது என்ன என்று குரலில் பதிவு செய்து போடுவது, வாகனம் ஏற்பாடு செய்திருக்கிற வீடுகளுக்கு மட்டும் தனியாகப் பேசி, ஓட்டுநரிடம் இருப்பது புதுக் குறியா என்று கேட்பது.

தலைக்கட்டுப் பட்டியலை அழைப்புக்குப் பிறகு தொடங்காமல் முன்பே தொடங்குவது. பத்திரிகை வைக்க நேரில் போகும்போதே நோட்டை எடுத்துப் போய், வீட்டில் இருப்பவர்களிடம் எத்தனை பேர் என்று அங்கேயே எழுதிக்கொள்வது என்று அம்மா சொல்லியிருக்கிறார். எண்ணிக்கையை உறுதிப்படுத்தும் போன் வேலையைத் தங்கை ஒருவரே செய்ததில் 48 வீட்டுக்கு இரண்டு நாள் ஆனது. அடுத்த முறை பங்காளிகள் பக்கத்தைப் பெரியப்பாவும் தாய்மாமன் பக்கத்தை மைத்துனரின் மனைவியும் பேசுவது என்று பிரித்திருக்கிறார்கள். கேள்வி அதே இரண்டுதான்: எத்தனை மணிக்கு, எந்த வழியாக.